ஒரே வாக்கியத்தில் ஒரு பத்தி: முதன்மைத் தேர்வு விடையில் பிரித்து எழுதிய விதம்

குரூப் 2 முதன்மைத் தேர்வுக்கு விரிவான விடை எழுதிப் பழகியபோது, நாங்கள் சில நண்பர்கள் விடைத்தாள்களை மாற்றிக்கொண்டு படிப்போம். விஷயம் தெரிந்தவர்களின் விடைகூடப் பாதியில் புரியாமல் போகும். எச்சத்தின் மேல் எச்சமாக அடுக்கி, பத்தி முடியும் இடத்தில்தான் ஒரு வினைமுற்று வரும். அப்படி ஒரு வாக்கியம் இது:

“காவிரியின் குறுக்கே சேலம் மாவட்டத்தில் கட்டப்பட்டு 1934இல் திறக்கப்பட்ட, 120 அடி வரை நீர் தேக்கக்கூடிய மேட்டூர் அணையிலிருந்து குறுவைச் சாகுபடிக்காக ஜூன் 12 அன்று தண்ணீர் திறப்பது வழக்கம் என்றாலும், கர்நாடகத்தில் தென்மேற்குப் பருவமழை தாமதமாகி அங்குள்ள அணைகள் நிரம்பாமல் நீர்வரத்து குறையும் ஆண்டுகளில் திறப்பு தள்ளிப்போவதால், குழாய்க் கிணறு உள்ள விவசாயிகள் மட்டும் நிலத்தடி நீரைக் கொண்டு குறுவை நட, மற்றவர்கள் தண்ணீருக்காகக் காத்திருந்து சம்பாவுக்கு மாறுகின்றனர்.”

இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் இதிலுள்ள ஒரே முற்று ‘மாறுகின்றனர்’. அதுவரை அணை, மழை, நீர்வரத்து, விவசாயிகள் என்று எழுவாய் மாறிக்கொண்டே போகிறது. திருத்துபவர் அத்தனையையும் நினைவில் தாங்கிக்கொண்டு கடைசிச் சொல் வரை வர வேண்டும்.

நான் முதலில் ஒவ்வொரு எச்சத்தின் அடியிலும் கோடு போட்டு, அதைச் செய்வது யார் அல்லது எது என்று மேலே எழுதுவேன். எழுவாய் மாறும் இடம்தான் பெரும்பாலும் வெட்டும் இடம். ‘காத்திருந்து மாறுகின்றனர்’ என்பதில் இரண்டையும் செய்வது ஒரே ஆட்கள். அதைத் தொட வேண்டாம். ‘குறுவை நட, மற்றவர்கள்…’ என்பதில் ஆள் மாறுகிறார், அங்கே நிறுத்தலாம்.

வெட்டுவது எளிது. வெட்டிய இடத்தில் எச்சம் தாங்கியிருந்த உறவைக் காப்பாற்றுவதுதான் வேலை. ‘என்றாலும்’ போனால் ‘ஆனால்’ வர வேண்டும். ‘தள்ளிப்போவதால்’ என்பதை உடைத்தால் ‘அதனால்’ அல்லது ‘அப்போது’ வர வேண்டும். ‘செய்து’ என்னும் எச்சத்தில்தான் கவனம் அதிகம் தேவை. ‘ஊருக்குப் போய் நிலத்தைப் பார்த்தார்’ என்பதில் அது வெறும் வரிசை. ‘மழையில் நனைந்து காய்ச்சல் வந்தது’ என்பதில் காரணம். வடிவம் ஒன்றாக இருப்பதால், பொருளைப் பார்த்துத்தான் இணைப்புச் சொல்லைத் தேர்ந்தெடுக்க முடியும்.

இப்படிப் பிரித்தேன்:

“மேட்டூர் அணை காவிரியின் குறுக்கே சேலம் மாவட்டத்தில் உள்ளது. 1934இல் திறக்கப்பட்ட இந்த அணையில் 120 அடி வரை நீர் தேக்கலாம். குறுவைச் சாகுபடிக்காக ஜூன் 12 அன்று தண்ணீர் திறப்பது வழக்கம். ஆனால் கர்நாடகத்தில் தென்மேற்குப் பருவமழை தாமதமாகும் ஆண்டுகளில், அங்குள்ள அணைகள் நிரம்பாமல் மேட்டூருக்கு நீர்வரத்து குறைகிறது, திறப்பும் தள்ளிப்போகிறது. அப்போது குழாய்க் கிணறு உள்ள விவசாயிகள் மட்டும் நிலத்தடி நீரைக் கொண்டு குறுவை நடுகின்றனர். மற்றவர்கள் தண்ணீருக்காகக் காத்திருந்து சம்பாவுக்கு மாறுகின்றனர்.”

‘தாமதமாகும் ஆண்டுகளில்’ என்பதை நான் உடைக்கவில்லை. “பருவமழை தாமதமாகிறது. நீர்வரத்து குறைகிறது” என்று எழுதினால் வாக்கியம் சிறியதாகும், ஆனால் ஒவ்வொரு ஆண்டும் அப்படித்தான் என்று பொருள் மாறிவிடும். ‘-ஆல்’ சேர்ந்த நிபந்தனையும் இதே வகை. ‘மழை பெய்தால் அணை நிரம்பும்’ என்பதை இரண்டாக்க வழியில்லை.

பெயரெச்சத்திலும் இந்த வேறுபாடு உண்டு. ‘1934இல் திறக்கப்பட்ட மேட்டூர் அணை’ என்பதில் எச்சம் கூடுதல் தகவல்தான். தனி வாக்கியமாக்கினாலும் நஷ்டமில்லை. ‘குழாய்க் கிணறு உள்ள விவசாயிகள்’ என்பதோ எந்த விவசாயிகள் என்று வரையறுக்கிறது. “விவசாயிகளுக்குக் குழாய்க் கிணறு உள்ளது. அவர்கள் குறுவை நடுகின்றனர்” என்று பிரித்தால் டெல்டாவில் எல்லோரிடமும் கிணறு இருப்பதாக ஆகிவிடும். எச்சத்தை நீக்கிப் படித்துப் பார்ப்பேன். அப்போதும் அதே ஆளை, அதே பொருளைக் குறித்தால் பிரிப்பேன். கூட்டம் பெரிதானால் விட்டுவிடுவேன்.

‘என்று’ வரும் நீண்ட வாக்கியங்களில் இன்னொரு ஆபத்து. “நீர்வரத்து குறைந்ததாகவும், திறப்பு தள்ளிப்போகலாம் என்றும் அதிகாரிகள் தெரிவித்தனர்” என்பதைப் பிரிக்கும்போது இரண்டாம் வாக்கியத்திலும் ‘அவர்கள் கூறினர்’ வேண்டும். இல்லாவிட்டால் அதிகாரிகளின் கணிப்பு, எழுதுபவரின் கூற்றாகிவிடும்.

பிரித்து முடித்ததும் வாக்கியங்களின் முதல் சொற்களை மட்டும் மேலிருந்து கீழே படிப்பேன். எனவே, இதனால், ஆகையால் என்று வரிசையாக வந்தால், பழைய சங்கிலியே முற்றுப்புள்ளிகளோடு நிற்கிறது என்று பொருள். மேலே உள்ள பத்தியில் ‘திறப்பும் தள்ளிப்போகிறது’ என்ற இடத்தில் ‘அதனால்’ இல்லை. நீர்வரத்து குறைந்ததைச் சொன்ன உடனே ‘திறப்பும்’ என்று வருவதால், அந்த உம்மையும் காற்புள்ளியுமே காரணத்தைச் சொல்லிவிடுகின்றன.