டேபிள் பெருசாச்சு, 13-ஐக் காணல

நேத்து பாளையங்கோட்டை வீட்டு மாடில உக்காந்து வீடியோ கால்ல ஒரு கோடிங் ரவுண்டு, இன்டர்வியூ எடுத்தவரு லைப்ரரி எதையும் தொடாம ஹேஷ் டேபிள் எழுதணும்னுட்டாரு. 8 பக்கெட்டு வச்சேன், ஒரே பக்கெட்டுல ரெண்டு கீ மோதுனா லிங்க்டு லிஸ்ட்ல கோத்து விட்டுருதது, லோடு ஃபேக்டர் 0.75, அதாவது 6 கீ வரை பேசாம இருக்கும், 7வது வந்தா 16 பக்கெட்டா மாறணும்.

```
idx = key % cap
```

5, 13, 21 மூணையும் 8-ஆல வகுத்தா மீதி 5தான், அதனால மூணும் 5வது பக்கெட்டுல ஒரே சங்கிலியா நிக்கும். எல்லாம் சரியாத்தான் வந்துச்சு. 7வது கீ போட்டு டேபிள் பெருசானதும் 13-ஐத் தேடுனா இல்லைங்குது, ஆனா 5-உம் 21-உம் கிடைக்கு! சிலது கிடைச்சு சிலது காணலன்னா ரீசைஸைத்தான் பாக்கணும் மக்கா. நான் பழைய பக்கெட்ட அப்படியே தூக்கி அதே நம்பர்ல வச்சிட்டேன், இப்போ 16-ஆல வகுத்தா 5-உம் 21-உம் 5லயேதான் இருக்கும், 13 மட்டும் 13வது பக்கெட்டுக்குப் போயிருக்கணும்லா. சங்கிலிய அவுத்து ஒவ்வொரு கீக்கும் புது cap வச்சு idx திரும்பப் போட்டேன், 13 வந்துட்டு.

அவுக்கும்போது இன்னொண்ணு, நோட நகத்துறதுக்கு முன்னாலயே அதோட next-ஐ தனியா எடுத்து வச்சிரணும், இல்லன்னா மிச்ச சங்கிலி கைய விட்டுப் போயிரும். அத்தன கீயையும் நகத்துறது செலவுதான், ஆனா ஒவ்வொரு தடவையும் ரெட்டிப்பாக்குறதால அடிக்கடி வராது, சராசரியா பாத்தா ஒரு கீ போடுறதுக்கு O(1)தான்னு அவருட்ட சொன்னேன்.