ரவுட்டர் இல்லாத வைவாவும் எங்கள் பையும்

முந்தாநாள் ரிசல்ட் வந்தது. ப்ராஜெக்டில் தேறிவிட்டோம். மார்க் நினைத்ததைவிடக் குறைவு, காரணம் இரண்டாவது ரிவ்யூ. அன்றைக்கு எங்கள் ராஸ்பெர்ரி பை நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. எங்களால்தான் அதற்குள் நுழைய முடியவில்லை. ஜூனியர்கள் யாரும் அதே குழியில் விழக்கூடாது என்று எழுதுகிறேன். ரிவ்யூ எப்படி நடக்கும், ரிப்போர்ட் எப்படி பைண்டிங் போடுவது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

எங்கள் ப்ராஜெக்ட் கண்மாய் நீர்மட்டம் பார்ப்பது. ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ, ஒரு அல்ட்ராசோனிக் சென்சார், ஒரு பவர் பேங்க், அவ்வளவுதான். திரை, கீபோர்டு எதுவும் கிடையாது. எல்லாமே எஸ்எஸ்எச் வழியாகத்தான். எங்கள் வீட்டு வைஃபையில் இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. (அம்மா தினமும் "பையை எடுத்துக்கிட்டியாடா" என்று கேட்பார், எந்தப் பை என்று நான் கேட்பேன். கடைசி வரை அந்த ஜோக் அவருக்குப் புரியவில்லை.)

ரிவ்யூ நடந்த அறையில் கல்லூரி வைஃபை உண்டு. ஆனால் அதில் சேர்ந்ததும் ஒரு லாகின் பக்கம் வரும், அதில் ரோல் நம்பர் அடிக்க வேண்டும். திரையே இல்லாத பை அதை எங்கே போய் அடிக்கும்? சரி, போன் ஹாட்ஸ்பாட் இருக்கிறதே என்றுதான் தைரியமாகப் போனோம். பைக்கு என் ஹாட்ஸ்பாட்டின் பெயரே தெரியாது என்பது மேசையில் எல்லாவற்றையும் பரப்பிய பிறகுதான் உறைத்தது.

மெமரி கார்டைக் கழற்றி லேப்டாப்பில் போட்டு, பழைய வீடியோ ஒன்றில் பார்த்தபடி பூட் பகுதியில் `wpa_supplicant.conf` எழுதி வைத்தேன். வேலைக்கு ஆகவில்லை. இன்னொரு முறை எழுதினேன். அப்போதும் இல்லை. பேனலில் இருந்த மேடம் வாட்ச்சைப் பார்த்துவிட்டு, "அடுத்த டீம் வாங்கப்பா" என்றார். 2023 அக்டோபரில் வந்த புக்வார்ம் பதிப்பிலிருந்து ராஸ்பெர்ரி பை ஓஎஸ் வைஃபையை நெட்வொர்க்மேனேஜரிடம் கொடுத்துவிட்டது. அந்தப் பழைய ஃபைலை அது கண்டுகொள்வதே இல்லை. இது எனக்கு அன்று ராத்திரிதான் தெரிந்தது.

இனி சொல்லப்போவதுதான் முக்கியம். மற்றதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

பையை மாற்றாதீர்கள், போனை மாற்றுங்கள். பைக்கு உங்கள் வீட்டு வைஃபையின் பெயரும் பாஸ்வேர்டும் ஏற்கெனவே தெரியும். போனில் ஹாட்ஸ்பாட் செட்டிங்கைத் திறந்து, அதே பெயரையும் அதே பாஸ்வேர்டையும் அப்படியே வையுங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, இடைவெளி எல்லாம் அச்சாக அப்படியே இருக்க வேண்டும். பாதுகாப்பு வகையில் டபிள்யூபிஏ2 என்பதைத் தேர்ந்தெடுங்கள், டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் பை சேராமல் போகலாம். பை பார்ப்பது பெயரையும் பாஸ்வேர்டையும்தான். எதிரில் இருப்பது ரவுட்டரா போனா என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. கார்டைக் கழற்ற வேண்டாம், கமாண்டு எதுவும் வேண்டாம்.

என் டீம்மேட்டுக்கு இந்த வழி பிடிக்காது. "இதெல்லாம் ஏமாத்து வேலை மச்சான், முறையா ஒரு பேரைச் சேர்த்துவிடு" என்பான். முறைப்படி வேண்டும் என்பவர்கள், வீட்டில் இருக்கும்போதே பைக்குள் நுழைந்து இதை அடித்து வைக்கலாம். ஹாட்ஸ்பாட் அப்போது ஆனில் இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை:

```
sudo nmcli connection add type wifi con-name viva ifname wlan0 \
  ssid "kanmai-demo" wifi-sec.key-mgmt wpa-psk wifi-sec.psk "neermattam7"
```

நல்ல வழிதான், ஆனால் முன்கூட்டியே யோசிப்பவர்களுக்கு. நான் அந்த ரகம் இல்லை.

பெயரை மாற்றிய பிறகும் அன்று ராத்திரி ஹாஸ்டலில் பை சேரவில்லை. பச்சை விளக்கு மினுக்கி ஓய்ந்தது, அதாவது பூட் ஆகிவிட்டது. போனிலோ "இணைந்த சாதனங்கள்: 0". அரை மணி நேரம் பாஸ்வேர்டையே எழுத்து எழுத்தாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் என் புதுப் போன் ஹாட்ஸ்பாட்டை 5 கிகாஹெர்ட்ஸில் கொடுத்துக்கொண்டிருந்தது. ஜீரோ 2 டபிள்யூவுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். பை 3 பி மாடலும் அப்படியே. 3 பி பிளஸ், பை 4 ஆகியவற்றில் இரண்டும் உண்டு. லேப்டாப்புக்கும் இரண்டும் தெரியும் என்பதால், "லேப்டாப் சேருதே, ஹாட்ஸ்பாட் சரியாத்தானே இருக்கு" என்று நாம் ஏமாந்துபோவோம். ஹாட்ஸ்பாட் செட்டிங்கில் பேண்டு என்ற இடத்தில் 2.4 வைத்தேன். ஒரு நிமிஷத்துக்குள் சுழியம் ஒன்றாக மாறியது. ரிசல்ட் வந்தபோதுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இல்லை.

ஐபோன்காரர்களுக்கு இரண்டு விஷயம். 12ஆம் மாடலிலிருந்து ஹாட்ஸ்பாட் பக்கத்தில் "Maximize Compatibility" என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அதைப் போட்டால்தான் 2.4க்கு வரும். இரண்டாவது, ஹாட்ஸ்பாட்டின் பெயர் போனின் பெயரேதான். ஆங்கிலத்தில் "இன்னாருடைய ஐபோன்" என்று அதுவே வைக்கும் பெயரில் வளைந்த மேற்கோள் குறி ஒன்று இருக்கும், நாம் கீபோர்டில் அடிப்பது நேர் குறி. கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும், பைக்கு வேறு வேறு பெயர். போனின் பெயரையே மாற்றிவிடுங்கள்.

அப்புறம் பை சேர்ந்துவிட்டது, அதன் ஐபி என்ன? லேப்டாப்பும் அதே ஹாட்ஸ்பாட்டில் இருந்தால் பெரும்பாலும் ஐபியே தேவைப்படாது. கார்டு எழுதும்போது வைத்த பெயருடன் `.local` சேர்த்தால் போதும். எங்களுடையது `ssh team7@kanmai.local`.

ஆனால் வைவா அன்று லேப்டாப் சார்ஜர் ஹாஸ்டலில் கிடந்தது. பேட்டரி 4 சதவீதம். அப்போது கைகொடுத்தது போனேதான். ஹாட்ஸ்பாட் கொடுக்கும் அதே போனிலிருந்தே பைக்குள் போகலாம். சில போன்கள் தன்னிடம் சேர்ந்த இரண்டு சாதனங்களை ஒன்றோடொன்று பேச விடாது. போனிலிருந்தே நுழைந்தால் அந்தத் தொல்லையும் இல்லை. டெர்மக்ஸ் ஆப்பில், இணையம் இருக்கும்போதே முதல் வரியை அடித்து வைத்துக்கொள்ளுங்கள்:

```
pkg install openssh nmap
ifconfig
nmap -p 22 --open 192.168.183.0/24
ssh team7@192.168.183.212
```

போனிலிருந்து `kanmai.local` எனக்கு வேலை செய்யவில்லை, அதனால்தான் இந்தச் சுற்று. `ifconfig` அடித்தால் இரண்டு மூன்று முகவரிகள் வரும். அவற்றில் 192.168 என்று தொடங்கியதுதான் எங்கள் ஹாட்ஸ்பாட். எனக்கு 192.168.183.41 என்று காட்டியது. கடைசி எண்ணை எடுத்துவிட்டு 0/24 போட்டு, 22ஆம் போர்ட் திறந்திருப்பது யார் என்று தேடினேன். ஒரே ஒரு விடை: 212. பழைய ஆண்ட்ராய்டு போன்களில் இது எப்போதும் 192.168.43 என்றே இருந்தது. 11ஆம் பதிப்பிலிருந்து போனே ஒரு எண்ணைப் பொறுக்கிக்கொள்கிறது, அது மாறவும் மாறும். அதனால் நேற்றைய எண்ணைத் துண்டுச்சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு வந்து நிற்காதீர்கள். ஐபோன் என்றால் 172.20.10.2லிருந்து 14க்குள்தான், கையாலேயே முயன்று பார்த்துவிடலாம்.

பிழைச் செய்தியைப் படிக்கும் விதம்:

- `Connection timed out`: முகவரி தவறு, அல்லது பை இன்னும் வந்து சேரவில்லை. புதுக் கார்டு என்றால் முதல் பூட்டுக்கு இரண்டு மூன்று நிமிஷம் பொறுங்கள்.
- `Connection refused`: அந்த முகவரியில் யாரோ இருக்கிறார்கள், எஸ்எஸ்எச் மட்டும் ஓடவில்லை. கார்டு எழுதும்போது அதை ஆன் செய்ய மறந்திருப்பீர்கள்.
- `REMOTE HOST IDENTIFICATION HAS CHANGED!`: பயப்பட வேண்டாம். யாரோ ராத்திரி கார்டைப் புதிதாக எழுதியிருக்கிறார்கள் (எங்கள் டீமில் யார் என்று தெரியும்). `ssh-keygen -R kanmai.local` அடித்துவிட்டு மறுபடி நுழையுங்கள்.

வைவாவில் எங்கள் முறை வர இரண்டு மணி நேரம் ஆனது. நடுவில் ஹாட்ஸ்பாட் தானாக அணைந்திருந்தது. யாரும் சேரவில்லை என்றால் தானே அணையும் வசதி அது, முதலிலேயே அதை எடுத்துவிடுங்கள். ஹாட்ஸ்பாட்டை முதலில் போட்டு, பைக்குப் பிறகு கரண்ட் கொடுப்பதுதான் என் வழக்கம்.

உள்ளே போனதும் எக்ஸ்டெர்னல் கேட்ட முதல் கேள்வி: "ரவுட்டரே இல்லையே, இதுக்கு ஐபி யார் கொடுத்தது?" போன்தான் சார், அதுக்குள்ளயே டிஹெச்சிபி சர்வர் ஓடுது என்றேன். அந்த லேபில் சிக்னலே கிடையாது. "அப்ப நெட் இல்லாம எப்படி?" பைக்கும் போனுக்கும் நடுவில் மட்டும்தான் சார் பேச்சு, வெளியே போக வேண்டியதில்லை என்றேன். தலையாட்டினார். நீர்மட்ட ரீடிங் திரையில் ஓட ஆரம்பித்தது. குனிந்து பார்த்தவர், "தம்பி, இது நேத்து ராத்திரி எடுத்ததா?" என்றார்.

நேரம் அப்படித்தான் காட்டியது. ஜீரோ 2 டபிள்யூவில் கடிகார பேட்டரி இல்லை. இணையம் கிடைத்தால்தான் சரியான நேரத்தை வாங்கிக்கொள்ளும், இல்லாவிட்டால் கடைசியாக அணைத்த நேரத்திலிருந்து ஓட்டிக்கொண்டே போகும். அவர் கண் முன்னாலேயே தேதியையும் நேரத்தையும் போட்டேன்:

```
sudo date -s "2025-04-24 11:20"
```

பிறகு சென்சாருக்கு முன்னால் கையை நீட்டினேன். எண் மாறியது. அவரும் தன் கையை நீட்டிப் பார்த்தார்.

இன்னொன்று. வேலை முடிந்ததும் ஹாட்ஸ்பாட் பெயரைப் பழையபடி மாற்றிவிடுங்கள். நான் மறந்துவிட்டேன். அந்த வாரம் ஊருக்குப் போயிருந்தபோது வீட்டு ரவுட்டர் தொங்கிப்போய்க் கிடந்தது, என் போனில் ஹாட்ஸ்பாட் ஆனில் இருந்தது. ஹாலில் இருந்த டிவி பெயரைப் பார்த்து என் போனில் வந்து சேர்ந்துகொண்டது. அப்பா சீரியல் பார்த்து முடிப்பதற்குள் அன்றைய 1.5 ஜிபியும் காலி.