அவள் எழுதிய மெயில்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். சரக்கு வாங்கும் பையருக்கு எழுதும் மெயிலை ஜூனியர்கள் முதலில் என்னிடம் காட்டுவார்கள். நான் எனக்குத் தோன்றியபடி மாற்றி எழுதி அனுப்பிவிடுவேன். ஐந்து நிமிட வேலை. அடுத்த வாரமும் அதே தப்புகளோடு ஒன்று வரும். எத்தனை தடவை திருத்துவது என்று சலித்துக்கொள்வேன். திருத்தியதை யாருக்கும் காட்டியதே இல்லை என்பது உறைக்கவில்லை.

ஒருமுறை சாயப்பட்டறையில் நேவி ப்ளூ துணியின் ஷேடு மாறிப்போனது. மறுபடி சாயம் போட வேண்டும், சரக்கு ஆறு நாள் தள்ளிப்போகும். கறுப்பு நிறத்தை மட்டும் முதலில் அனுப்பலாமா என்று ஜூனியர் ஒரு வரி எழுதியிருந்தாள். எதற்கு இந்த வம்பு என்று வெட்டிவிட்டேன். முந்தின நாள் பையர் போனில் அவளிடம் கேட்டதே அதைத்தானாம். 'நேற்றுப் பேசியதற்குப் பதில் எங்கே?' என்று அவரிடமிருந்து வந்தபோது அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

அதன்பிறகு அவள் எழுதும் மெயிலை வேர்டில் ஒட்டி, திருத்தியதெல்லாம் தெரியும்படி Track Changes போட்டுத்தான் தொடுகிறேன். அடுத்து வந்ததும் தாமத மெயில்தான். நான்கு வரி சாயக் கதைக்குப் பின்னால் கடைசியில் புதுத் தேதி இருந்தது. அதை முதல் வரிக்குக் கொண்டுபோய், 'பையர் போனில் மேலே இரண்டு வரிதான் பார்ப்பார்' என்று ஓரத்தில் எழுதினேன். 'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்' என்றிருந்ததை, புதன்கிழமைக்குள் தேதியை உறுதி செய்யுங்கள் என்று மாற்றினேன். காரணம்: 'எதை, எப்போதைக்குள் என்று சொன்னால்தான் செய்வார்.'

'ஷிப்மென்ட் 18ஆம் தேதி' என்ற இடத்தில் கை வைக்கவில்லை. 'சரக்கு ஃபேக்டரியை விட்டுக் கிளம்பும் தேதியா, தூத்துக்குடியில் கப்பல் ஏறும் தேதியா?' என்று கேள்வி மட்டும் போட்டேன். பழைய பழக்கத்தில் நானே ஒன்றை ஊகித்து எழுதியிருப்பேன். அவள் நினைத்தது ஃபேக்டரி தேதி. பையர் கப்பல் தேதி என்றுதான் எடுத்துக்கொண்டிருப்பார்.

இன்னொரு வாக்கியத்தையும் மாற்றியிருந்தேன். ஏன் என்று எழுதப் போனால் ஒன்றும் வரவில்லை. என் கைப்பழக்கம், அவ்வளவுதான். அவள் எழுதியதையே திரும்ப வைத்தேன்.

இதற்கெல்லாம் இருபது நிமிடம் ஆகிறது. பையர் லைனில் காத்திருந்தால் இப்போதும் நானே எழுதி அனுப்பிவிடுவேன். சாயங்காலம் அவள் எழுதியதையும் நான் அனுப்பியதையும் Compare போட்டு அவளுக்குக் காட்டிவிடுவேன்.

அந்தத் தாமத மெயிலில் மறுபடி மன்னிப்புக் கேட்ட வரியையும் அடித்து, 'ஒருமுறை சொன்னது போதும்' என்று எழுதியிருந்தேன். அதன் கீழே அவள் பதில் போட்டிருந்தாள்: 'சார், இந்த சீசன்ல இவருக்கு இது மூணாவது லேட். இருக்கட்டும்.'

சரி, இருக்கட்டும் என்று விட்டேன். மெயில் அந்த வரியோடுதான் போனது.