ஐந்து மூச்சு பிடிக்கச் சொன்னேன்

மொழிபெயர்ப்புப் பட்டயப் படிப்பின் செய்முறைத் தேர்வுக்கு எனக்கு வந்தது, ஆங்கிலத்தில் இருந்த ஒரு யோகா கையேடு. புதிதாகத் தொடங்குபவர்களுக்கானது. நீளமும் இல்லை, கடினமான சொல்லும் இல்லை. இரண்டு நாளில் முடித்துவிட்டுச் சித்தியிடம் வாசித்துக் காட்டினேன். சித்தி பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகிறவர்.

முன்பக்கம் குனியும் ஆசனத்தின் கடைசி வரியை, "இந்த நிலையை ஐந்து மூச்சு பிடிக்கவும்" என்று எழுதியிருந்தேன். சித்தி குனிந்தார், மூச்சை அடக்கினார், அப்படியே நின்றார். பாசிக்கு முங்குகிறவருக்கு மூச்சைப் பிடிப்பது என்றால் அதுதானே! மூலத்தில் பிடிக்கச் சொன்னது நிலையை, மூச்சை அல்ல. இத்தனைக்கும் அதே பக்கத்தின் எச்சரிக்கை, புதியவர்கள் மூச்சை அடக்கவே கூடாது என்கிறது. பிரஷர் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். "ஐந்து முறை மூச்சை இழுத்து விடும் வரை அப்படியே இருங்கள்" என்று மாற்றினேன். வரி நீண்டது, போகட்டும்.

அடுத்த சிக்கல் இடுப்பு. 'ஹிப்'பிலிருந்து குனி, 'வெயிஸ்ட்'டிலிருந்து குனியாதே என்கிறது மூலம். நமக்கு இரண்டும் இடுப்புதான். அப்படியே எழுதினால், இடுப்பிலிருந்து குனி, இடுப்பிலிருந்து குனியாதே என்று வரும். இடுப்பு மூட்டு என்று போட்டும் சித்திக்குப் பிடிபடவில்லை. கடைசியில், "தொடையும் அடிவயிறும் சேரும் மடிப்பில் விரல்களை வையுங்கள், குனியும்போது அந்த மடிப்பு விரல்களை நெருக்க வேண்டும்" என்று எழுதினேன். நெருக்காமல் முதுகு மட்டும் கூன் போட்டால், குனிவது தவறான இடத்தில். அப்போது முழங்காலைக் கொஞ்சம் மடக்கிக்கொள்ளச் சொல்ல வேண்டும். சொல் கிடைக்காத இடத்தில் தொட்டுக் காட்டும்படி எழுதுவதே எனக்குக் கைகொடுத்தது.

எச்சரிக்கைப் பகுதியில், "தலை லேசாக இருந்தால் நிறுத்தவும்" என்று ஒரு வரி.

"தலை லேசானா நல்லதுதானடா, எதுக்கு நிறுத்தணும்?" என்றார் சித்தி.

கிறுகிறுப்பு என்று திருத்தினேன். வந்தால் நிறுத்தி, உட்கார்ந்து, இயல்பாக மூச்சு விட வேண்டும் என்பதையும் சேர்த்தேன்.

இன்னொன்று, வாசித்துக் காட்டாமல் எனக்குத் தெரிந்திருக்காது. நம் வாக்கியத்தில் 'கூடாது' கடைசியில்தான் வரும். "மூச்சை உள்ளே இழுத்து அடக்கிக்கொண்டு குனியக் கூடாது" என்று நிதானமாக வாசித்தால், கேட்டுக்கொண்டே செய்கிறவர் 'கூடாது' வருவதற்குள் அடக்கிக் குனிந்து முடித்திருப்பார். சித்தி அப்படித்தான் செய்தார். அதனால் செய்ய வேண்டியதை முதலில் வைத்தேன்: "மூச்சை விட்டுக்கொண்டே குனியுங்கள். எங்கும் அடக்க வேண்டாம்." எச்சரிக்கைகளை எல்லாம் ஆசனத்துக்குப் பின்னாலிருந்து முன்னால் கொண்டுவந்தேன். மூலத்தின் வரிசையை மாற்றியதற்கு மதிப்பெண் குறைத்தார்கள். அதைத் திரும்ப மாற்ற எனக்கு மனமில்லை.