பல்லில் இல்லாத மணம்

டியூட்டரியில் கணக்குப் படிப்பிக்கிறவனுக்கு வாய் மணக்கக் கூடாது. ஒருநாள் ஒரு பிள்ளையின் கொப்பிக்கு மேல் குனிந்தபோது அது மெல்ல முகத்தைத் திருப்பியது. வீட்டில் கேட்டேன். "எப்பிடிச் சொல்றதெண்டு யோசிச்சுக்கொண்டிருந்தனான்" என்றாள் மனைவி.

இரண்டு நேரமும் பல் துலக்குவேன், நாக்கும் வழிப்பேன். கராம்பு மென்றால் அரைமணி நேரம் தாங்கும். பல் வைத்தியர் முரசைப் பார்த்தார், பழுது இல்லை. வாயை மூடி மூக்கால் மூச்சு விடச் சொன்னார், மணக்கவில்லை. வாயால் விட்டதும் மணந்தது. "மூக்கில பிரச்சினை இல்லைப் போல. தொண்டையைக் காட்டுங்கோ" என்றார்.

அதற்குள் ஒரு காலை இருமலோடு அரிசிக் குறுநல் அளவில் வெளிர்மஞ்சளாக ஏதோ வந்து விழுந்தது. விரலால் நசுக்கினேன். அழுகின முட்டை மணம்! உடனே டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு கண்ணாடி முன் நின்று, பஞ்சுக்குச்சியால் மற்றதையும் தோண்டப் போனேன். இரத்தம் வந்ததுதான் மிச்சம்.

தொண்டை வைத்தியர் அதற்காக ஏசினார். டொன்சிலில் சிறு குழிகள் உண்டு. அதில் சாப்பாட்டுத் துணுக்கும் உதிர்ந்த தோலும் தங்க, காற்றுப்படாத இடத்துக் கிருமிகள் அதைச் சிதைத்துக் கந்தக வாயுவை விடும். சுண்ணாம்பும் படிந்தால் கல். பிரஷ் அங்கே போகாது.

அப்புறம் அவர் கேட்டது சாப்பாட்டு நேரத்தைப் பற்றி. வகுப்பு முடிந்து இரவு 10 மணிக்குப் புட்டும் கறியும், பத்தரைக்குப் படுக்கை. காலையில் தொண்டையைக் கனைத்துக்கொண்டே இருப்பேன், ஆனால் நெஞ்செரிவு கிடையாது. எரிவில்லாமலும் அமிலம் தொண்டைவரை ஏறுமாம். மணத்துக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்.

எங்கள் ஆச்சி வாய் மணத்தைக் கண்டால் "வயிறு சுத்தமில்லை" என்பார். அதையும் கேட்டேன். உணவுக்குழாய் சாதாரணமாக மூடித்தான் இருக்கும், ஆகவே வயிற்று மணம் ஏவறையோடோ அமிலத்தோடோதான் மேலே வரும். சாப்பிட்டுப் பல மணி நேரமாகியும் வயிறு நிரம்பின மாதிரி இருப்பது, முட்டை மணத்தோடு ஏவறை வருவது, இவை இருந்தால், முக்கியமாகச் சலரோகக்காரருக்கு, இரைப்பை மெதுவாக வேலை செய்கிறதா என்று பார்ப்பார்களாம். எனக்கு அவை இல்லை.

காலைச் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன், அமிலத்தைக் குறைக்கிற ஒமிப்ரசோல் குளிசை, சில வாரங்களுக்கு. படுக்க 3 மணி நேரம் முன்பே சாப்பாடு. வகுப்பு இடைவேளையில் சாப்பிடப் பழகியதுதான் கஷ்டமாக இருந்தது. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே பலகைத் துண்டு வைத்து 6 அங்குலம் உயர்த்தினேன். தலையணையை அடுக்கினால் வயிறு மடிந்து இன்னும் அழுத்துமாம். சாப்பிட்டதும் ஒரு கிளாஸ் இளஞ்சூட்டு நீரில் அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டுக் கொப்பளிக்கிறேன்.

இரண்டு மாதத்தில் கனைப்பு நின்றது. கல் இடைக்கிடை வருகிறது, கொப்பளிக்கும்போதே விழுந்துவிடும். அடிக்கடி வந்து தொல்லை தந்தால் டொன்சிலை எடுக்கலாம், ஒரு பக்கம் மட்டும் வீங்கினால் அல்லது விழுங்கக் கஷ்டமென்றால் உடனே வரவேணும் என்று சொல்லி அனுப்பினார். மனைவியிடம் வாரத்துக்கு ஒருமுறை ஊதிக் காட்டுகிறேன். போன ஞாயிறு, "வெங்காயம் மட்டும்தான்" என்றாள்.