அப்ரைசல் மீட்டிங்கைத் தள்ளி வைக்கச் சொன்னேன் என்றுதான் நினைத்திருந்தேன்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பதினெட்டு நாள் ஆகிறது. இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். அதனால்தான் இதை உட்கார்ந்து எழுத முடிகிறது. அப்ரைசல் நேரத்தில் வீட்டில் யாருக்காவது இப்படி ஆகி, மேனேஜரிடம் மீட்டிங்கைத் தள்ளி வைக்கக் கேட்க வேண்டிய நிலை வந்தால் நான் செய்த தவறை நீங்கள் செய்ய வேண்டாம்.

ஓஎம்ஆரில் ஒரு ஐடி கம்பெனியில் டெஸ்ட் லீடாக இருக்கிறேன். வியாழக்கிழமை காலை 11 மணிக்கு எனக்கு வருடாந்திர ரிவ்யூ. மேனேஜரோடு அவருக்கு மேலே இருக்கும் டெலிவரி மேனேஜரும் வருவதாக இன்வைட் வந்திருந்தது. புதன் மாலை ஆறு மணிக்கு அம்மாவின் போன். "அப்பா கையில இருந்த காபி டம்ளர் நழுவிட்டு ஏட்டி, வாய் ஒரு பக்கமா கோணுது, பேச்சு குழறுது." பக்கத்து வீட்டு அண்ணன் காரை எடுத்து, கோவில்பட்டியில் எங்கும் நிற்காமல் நேராகத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோய்விட்டார். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஸ்கேன் எடுத்துப் பார்த்து நேரத்துக்குள் போட்டுவிட்டார்கள். அந்த அண்ணனுக்கு நான் காலம் முழுவதும் கடன்பட்டிருக்கிறேன்.

கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் ரிவ்யூ நினைவே வந்தது. மணி ஒன்பதே முக்கால். மேனேஜருக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன்: "அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, ஊருக்குப் போய்க்கொண்டிருக்கிறேன், நாளை மீட்டிங்குக்கு வர முடியாது, மன்னிக்கவும்." உடனே பதில் வந்தது: "அப்பாவைப் பாருங்க, டேக் கேர்." போர்ட்டலில் நான்கு நாள் லீவ் போட்டேன். பத்து நிமிடத்தில் அப்ரூவலும் வந்தது. சரி, முடிந்தது என்று போனை அணைத்துவிட்டேன்.

முடியவில்லை. லீவ் ஒரு இடத்தில் பதிவாகிறது, ரிவ்யூ வேறொரு இடத்தில் ஓடுகிறது. லீவ் அப்ரூவ் ஆனதால் மீட்டிங் தானாக ரத்தாகாது. காலண்டரில் அந்த இன்வைட் அப்படியே இருந்தது, நான் டிக்ளைன் கூடச் செய்யவில்லை. மறுநாள் 11 மணிக்கு டெலிவரி மேனேஜர் உள்ளே வந்து எனக்காகக் காத்திருக்கிறார். என் மேனேஜர் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். "பாவம், அவங்களை எதுக்குத் திரும்பத் தொந்தரவு பண்ணணும், நாமே பார்த்து முடிச்சுடலாம்" என்று இரண்டு பேரும் என் ஃபார்மை நான் இல்லாமலேயே பேசி முடித்துவிட்டார்கள். கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை. அதுதான் இதில் கஷ்டமே.

எனக்கு இது தெரிந்தது சனிக்கிழமை. ஐசியு வாசலில் போனைத் திறந்தால் போர்ட்டலிலிருந்து ஒரு தானியங்கி மெயில். ஸ்டேட்டஸ் Discussion Completed. ஐந்து வேலை நாளுக்குள் நான் Acknowledge அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் தானாகவே ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். உள்ளே போனால் ரேட்டிங் 3. அதற்குக் கீழே ஒரு வரி: "பிப்ரவரி ரிலீஸில் டெஸ்டிங் பிழையால் புரொடக்‌ஷனில் டிஃபெக்ட் கசிந்தது."

அந்த ஒரு வரிக்குப் பதில் சொல்லத்தான் நான் ரிவ்யூவுக்கு இரண்டு வாரமாகத் தயாராகிக்கொண்டிருந்தேன். அந்த டிஃபெக்ட் இருந்த மாட்யூலை அந்த ரிலீஸில் டெஸ்ட் செய்ய வேண்டாம் என்று நேரமின்மையைக் காட்டிக் கிளையன்ட் பக்கமே நீக்கியது. அது ஆபத்து என்று நான் எழுதிய மெயிலும், தெரிந்தே நீக்குகிறோம் என்று அவர்கள் தந்த சைன்‌-ஆஃபும் என்னிடம் இருக்கின்றன. மூன்று நாள் ஓடிக்கொண்டிருந்த ரிக்ரஷனை, அதாவது ஏற்கெனவே இருப்பவை உடையவில்லையா என்று திரும்பச் சோதிக்கும் வேலையை, ஒரே நாளாகக் குறைத்தது என் டீம். அதைப் பற்றி ஃபார்மில் ஒரு சொல் இல்லை.

எச்ஆர் ஹெல்ப்டெஸ்க்கில் டிக்கெட் போட்டேன். திங்கள் காலை பதில்: "கலந்துரையாடல் நடந்த தேதி மேனேஜரால் பதிவு செய்யப்பட்டுள்ளது. மேனேஜரைத் தொடர்புகொள்ளவும்." டிக்கெட் மூடப்பட்டது. நான் அந்தக் கலந்துரையாடலிலேயே இல்லை என்று மறுபடி போட்டேன். மதியம் அதே வரிகள், ஒரு கமா கூட மாறாமல். அதையும் மூடிவிட்டார்கள். நடக்கவே இல்லாத ஒரு பேச்சுக்குத் தேதி இருப்பதால் அது நடந்தது என்கிறார்களே என்று எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்பாவின் ரத்த அழுத்தம் அன்று காலையிலிருந்து ஏறி இறங்கிக்கொண்டிருந்தது வேறு.

மூன்றாவது முறை போன் செய்தேன். எடுத்த பெண் பொறுமையாகக் கேட்டார். அவர் சொன்ன இரண்டு விஷயத்தைத்தான் நான் முதல் நாளே தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஒன்று, மூடிய ஃபார்மை எச்ஆர் திறக்க முடியும், ஆனால் மேனேஜர் எழுதிக் கேட்டால் மட்டுமே. இரண்டாவது, வியாழக்கிழமை காலிபரேஷன், அதற்காகப் புதன் மாலை ஆறு மணிக்கு எல்லா ரேட்டிங்கும் ஃப்ரீஸ் ஆகிவிடும்.

காலிபரேஷன் என்றால் எல்லா மேனேஜர்களும் உட்கார்ந்து தங்கள் ஆட்களின் ரேட்டிங்கை ஒப்பிட்டு, யாருக்கு 4, யாருக்கு 3 என்று இருக்கும் இடங்களுக்குள் அடக்கும் கூட்டம். அதில் நாம் இருக்க மாட்டோம். நமக்காகப் பேசுவது மேனேஜர், அவர் கையில் இருப்பது அந்த ஃபார்ம். அது முடிந்த பிறகு நடக்கும் ரிவ்யூவில் உங்களுக்கு முடிவைச் சொல்வார்கள், அவ்வளவுதான். அதனால் தள்ளி வைக்கக் கேட்கும்போது பார்க்க வேண்டிய தேதி மீட்டிங் தேதி அல்ல, ஃப்ரீஸ் தேதி. "அடுத்த மாசம் நிதானமா பேசலாம்" என்று அன்பாகச் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஃப்ரீஸ் என்றைக்கு என்று முதலில் கேளுங்கள்.

பதினான்கு வருடம் இதே கம்பெனியில் இருக்கும் ஒரு அக்காவைக் கூப்பிட்டேன். Acknowledge-ஐத் தொடாதே என்றார். எங்கள் போர்ட்டலில் அதை அழுத்தினால் கமென்ட் பெட்டியும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். அப்புறம் முக்கியமாக ஒன்று சொன்னார்: "ரேட்டிங் தப்புன்னு மெயில்ல ஒரு வார்த்தை எழுதாதம்மா. மீட்டிங்கை மட்டும் கேளு. ரேட்டிங்கைப் பேசினா அது சண்டை ஆயிடும், அப்புறம் ஃபார்மைத் திறக்கவே தயங்குவாங்க."

திங்கள் மாலை மெயில் அனுப்பினேன். ஆங்கிலத்தில் எழுதியது, தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "அப்பா மருத்துவமனையில் இருந்ததால் வியாழக்கிழமை ரிவ்யூவில் நான் கலந்துகொள்ளவில்லை. அதை செவ்வாய் மாலை 4 மணிக்கோ புதன் காலை 10 மணிக்கோ போனில் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். அரை மணி நேரம் போதும். புதன் மாலை ஃப்ரீஸ் ஆவதால் ஃபார்மைத் திரும்பத் திறக்க எச்ஆருக்கு நீங்கள் எழுத வேண்டும் என்றார்கள். நான் பேச விரும்புவதை ஒரு பக்கத்தில் இணைத்திருக்கிறேன்." எச்ஆரை சிசியில் வைத்தேன். டெலிவரி மேனேஜரை வைக்கவில்லை. என் மேனேஜரைத் தாண்டிப் போவது போல ஆகிவிடக் கூடாது.

ஸ்கேன் ரிப்போர்ட்டை இணைக்கலாமா என்று கை துறுதுறுத்தது. வேண்டாம் என்று விட்டேன். அப்பாவின் மூளை ஸ்கேன் என் ரிவ்யூ மெயிலில் நாலு பேர் கைக்குப் போவதில் எனக்கு விருப்பமில்லை. எச்ஆர் பின்னால் ஆதாரம் கேட்டபோது அட்மிஷன் சீட்டை மட்டும், அவர்களுக்கு மட்டும் அனுப்பினேன். தேதி தெரிந்தால் அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

அன்றிரவே மேனேஜர் கூப்பிட்டார். அப்பாவைப் பற்றி விசாரித்துவிட்டு அவர் சொன்னது: "நீங்க வர முடியாதுன்னுதான் சொன்னீங்க. வேற நாள் வைக்கச் சொல்றீங்கன்னு எனக்குத் தோணவே இல்லை." போனைக் காதில் வைத்துக்கொண்டே வாட்ஸ்அப்பைத் திறந்து பார்த்தேன். அவர் சொன்னது சரி. என் மெசேஜில் தள்ளி வையுங்கள் என்ற சொல்லே இல்லை. பஸ்ஸில் அந்த மனநிலையில் அவ்வளவுதான் வந்தது. ஆனால் கூடவே ஒரு வரி போட்டிருந்தால் போதும்: "ரிவ்யூவை நான் இல்லாமல் முடிக்க வேண்டாம், வேறு தேதிக்கு மாற்றித் தாருங்கள்." காலண்டரில் அந்த இன்வைட்டை டிக்ளைன் செய்யும்போதும் அதே வரியை எழுதி அனுப்பலாம். அது கூட்டத்தை வைத்தவருக்கு மெயிலாகப் போய்ச் சேரும். வாட்ஸ்அப்பில் சொன்னது எச்ஆர் கண்ணில் இல்லவே இல்லை.

செவ்வாய் மதியம் ஃபார்ம் திறந்தது. நான்கு மணிக்கு மருத்துவமனை மருந்துக் கடைக்குப் பின்னால் இருந்த படிக்கட்டில் உட்கார்ந்து பேசினேன். மைக்கில் டோக்கன் நம்பர் கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் மியூட் போட்டேன். மருந்துச் சீட்டின் பின்பக்கம் மூன்று விஷயம் மட்டும் எழுதி வைத்திருந்தேன்: சைன்‌-ஆஃப் மெயிலின் தேதி, ரிக்ரஷன் மூன்று நாளிலிருந்து ஒன்று, நடுவில் ஆள் போனபோது இரண்டு மாதம் நானே பார்த்த வேலை. இருபத்தைந்து நிமிடம். சைன்‌-ஆஃப் மெயிலை அவர் அப்போதுதான் முதல் தடவையாக முழுதாகப் படித்தார் என்பது அவர் மௌனத்திலேயே தெரிந்தது. "இதை நான் முன்னாடியே பார்த்திருக்கணும்" என்றார்.

புதன் மாலை ஐந்தேகாலுக்கு அவர் திரும்பச் சமர்ப்பித்துவிட்டார், ஃப்ரீஸுக்கு முக்கால் மணி நேரம் முன்னால். அவர் அனுப்பியது 4. காலிபரேஷனில் அது நிற்குமா தெரியாது, கடிதம் ஜூனில் வரும். ஆனால் டெஸ்டிங் பிழையால் கசிந்தது என்ற வரி இப்போது அங்கே இல்லை. அந்த இடத்தில், ஆபத்தை முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்தார் என்று இருக்கிறது. அதைப் படித்த பிறகுதான் Acknowledge அழுத்தினேன். அம்மா உள்ளேயிருந்து கூப்பிட்டாள். அப்பா இடது கையால் டம்ளரைப் பிடித்திருந்தார், பாதி தண்ணீர்தான், ஆனால் கீழே விடவில்லை.