ஒற்றை அடுப்பும் நவம்பர் மழையும்

நவம்பர் 4

சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தேன். லேசாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 5

தூக்கிப் பார்ப்பதெல்லாம் சரிவராது, கைக்கு நேற்றைய கனம் நினைவில் நிற்காது. இன்று சுடுதண்ணீரை எடுத்து சிலிண்டரின் ஒரு பக்கம் மேலிருந்து கீழாக ஊற்றி, உடனே கையால் தடவிப் பார்த்தேன். மேலே வெறும் காற்றாக இருக்கிற இடத்தில் தகரம் சூடாகிவிடும். உள்ளே திரவம் இருக்கிற இடத்தில் அந்தச் சூட்டை அது இழுத்துக்கொண்டு குளிராகவே இருக்கும். குளிர்ச்சி தொடங்கும் கோடு அடியிலிருந்து நாலு விரல் உயரம். 2.3 கிலோ சின்னச் சிலிண்டருக்கு இது பயப்பட வேண்டிய அளவு. செங்கலடிக்குக் கொண்டுபோனால் தராசில் வைத்தே பார்க்கலாம், வெறுஞ்சிலிண்டரின் எடை அதன் கழுத்தில் பொறித்திருக்கும், அதைக் கழித்தால் மிச்சம் தெரியும். இந்த மழையில் யார் தூக்கிக்கொண்டு போவது.

என்னோடு அறையில் இருக்கிற அக்காவுக்குத் தலையிடியாம். சாப்பிடவில்லை.

நவம்பர் 6

வந்தாறுமூலை முழுக்கத் தண்ணீர் நிற்கிறது. ஹொஸ்டலில் பாதி அறை பூட்டு, லீவுக்குப் போனவர்கள் போய்விட்டார்கள். திருக்கோவில் பக்கமும் ரோட்டில் தண்ணீராம், அக்கா தன் வீட்டுக்குப் போக வழியில்லை.

சோற்றைப் பற்றி எழுதிவைக்கிறேன், ஏனென்றால் காஸ் முழுக்க அதில்தான் போகிறது. நாட்டரிசியை அடுப்பிலேயே வைத்து இறக்கினால் அரை மணித்தியாலத்துக்கு மேல் எரிக்க வேண்டும், அவ்வளவு நேரமும் கறிக்கு அடுப்பு கிடையாது. ஒரு சட்டி, ஒரு தாச்சி, ஒரு அகப்பை, ஒரு கத்தி, இரண்டு கோப்பை, இதுதான் எங்கள் சமையலறை. சட்டியையும் தாச்சியையும் ஒன்றாக ஏற்ற இன்னொரு அடுப்பு இல்லை. அதனால் சோற்றை அடுப்புக்கு வெளியே வேகவிடுகிறோம்.

ஒரு சுண்டு அரிசியைக் கழுவி ஒரு மணித்தியாலம் ஊறவைத்து, தண்ணீரை வடித்து, அதே சுண்டால் இரண்டு சுண்டு புதுத் தண்ணீர். வழக்கமாக வைப்பதைவிடக் குறைவு, ஆவியாகிப் போவது கொஞ்சம்தானே. நன்றாகக் கொதி வந்ததும் மூடியைப் போட்டு சின்ன நெருப்பில் பத்துப் பன்னிரண்டு நிமிடம். பிறகு மூடியைத் திறக்காமலே இறக்கி, பழைய துவாயில் சுற்றி, அதன்மேல் பெட்ஷீட்டால் சுற்றி, காட்போட் பெட்டிக்குள் இறக்கி வைத்தால் முக்கால் மணித்தியாலத்தில் சோறு. அரிசி வேகக் கொதி தேவையில்லை, சூடு இறங்காமல் இருந்தால் போதும். நெருப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் காஸின் சூட்டில் நிறைய மூடியின் ஓரத்தால் ஆவியாகவே வெளியே போகிறது.

அரைச் சுண்டு போட்டால் இது வேலை செய்யாது. சட்டியில் கனம் இல்லாததால் சீக்கிரம் ஆறிவிடுகிறது. ஒரு சோற்றை இரண்டு விரலுக்கு இடையில் நசுக்கினால் நடுவில் வெள்ளைப் பொட்டு தெரியும், அது வேகாத அரிசி. சட்டி முக்கால்வாசியாவது நிறைந்திருக்க வேண்டும்.

நவம்பர் 7

அக்காவுக்குக் காய்ச்சல் 102.

நவம்பர் 8

செங்கலடியில் டெங்குவா என்று பார்க்க இரத்தம் எடுத்தாயிற்று. பனடோல் மட்டும்தானாம், வேறு குளிசை எதுவும் தொடக்கூடாது. குடிப்பதை அளந்து எழுதச் சொன்னார்கள். சிவப்பு, பிறவுண் நிறத்தில் எதுவும் கொடுக்க வேண்டாமாம். வாந்தி எடுத்தால் அது இரத்தமா சாப்பாடா என்று தெரிய வேண்டுமே, அதற்குத்தான்.

வந்து பார்க்கிறேன், வாளியில் கிடப்பதெல்லாம் சிவப்பு நாட்டரிசி. கஞ்சி வைத்தால் நிறம் இறங்கும். திரும்பக் கடைக்குப் போய் வெள்ளைப் பச்சையரிசி ஒரு கிலோ. குடை ஒரு பக்கம் முறிந்துவிட்டது.

சொதி வைத்தேன், மிளகாய் இல்லாமல். சட்டி பெட்டிக்குள் போன கையோடு தாச்சியை ஏற்றினேன். வெங்காயம், கொஞ்சம் வெந்தயம், கறிவேப்பிலை, மஞ்சள் மட்டுமட்டாய். திருவலை இல்லாததால் பால்மா மாதிரிப் பக்கெட்டில் வருகிற தேங்காய்ப்பால் மாவுதான், இளஞ்சூட்டுத் தண்ணீரில் கரைக்க வேண்டும். கொதிதண்ணீரில் போட்டால் கட்டிகட்டியாகிவிடும். முதலில் தண்ணீர்ப்பால், வெங்காயம் அவிந்த பிறகு கட்டிப்பால், ஒரு முறை பொங்கி மேலே வருமட்டும் துழாவிக்கொண்டே இருந்து உடனே இறக்கினேன். உப்பும் தேசிக்காய்ப் புளியும் இறக்கின பிறகுதான். அடுப்பில் வைத்துப் புளி விட்டால் பால் திரைந்து வெள்ளைத் திரி திரியாய் நிற்கும், அம்மா கண்டால் சொதி என்றே சொல்லமாட்டா.

அக்கா மூன்று வாய் சாப்பிட்டா. "போதும்கா, நீ சாப்பிடு புள்ள" என்கிறா.

நவம்பர் 9

மிச்சச் சோற்றை என்ன செய்வது என்பதிலேயே இன்றைய காலை போயிற்று. பிரிட்ஜ் இல்லை. எனக்கென்றால் இரவே தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் வெங்காயமும் மோரும் போட்டுப் பிசைந்தால் போதும். அவவுக்கு அதைக் கொடுக்க மனம் வரவில்லை. வெந்த சோற்றிலும் சாகாமல் கிடக்கிற கிருமிவித்து ஒன்று இருக்கிறது, சோறு மிதமான சூட்டில் மணிக்கணக்காய்க் கிடந்தால் அது முளைத்து நஞ்சு விடும், திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. பெட்டிக்குள்ளும் அதே கதைதான். ஒரு மணித்தியாலம், கூடினால் ஒன்றரை, அதற்குமேல் சுற்றி வைத்திருக்கக்கூடாது.

அதனால் அவவுக்கு ஒவ்வொரு வேளையும் புதிதாக. காஸ்.

மாலையில் முட்டை. கழுவித் துடைத்து, அரிசி கொதிக்கிற சட்டிக்குள்ளேயே போட்டேன், சோற்றோடு சேர்ந்து அதுவும் அவிந்துவிட்டது. தனியாக ஒரு கொதி மிச்சம்.

நவம்பர் 10

பிளேட்லட் இறங்கிவிட்டது. மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு. அன்ரிதான் ஆட்டோ பிடித்துத் தந்தா. நான் கூட இருந்துவிட்டு கடைசி பஸ்ஸில் வந்தேன்.

அடுப்பைப் பற்றவைக்கவில்லை. பாண்.

நவம்பர் 11

காய்ச்சல் விட்டுவிட்டது என்று நான் சந்தோஷப்பட, நேர்ஸ் "இனித்தான் கவனமாய்ப் பார்க்க வேணும்" என்றா. டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரந்தான் ஆபத்தாம். அதைக் கேட்ட பிறகு பஸ்ஸில் ஒன்றும் ஓடவில்லை, பிள்ளையாரடி எப்போது தாண்டியது என்றும் தெரியாது.

கஞ்சி கொண்டுவரலாமாம், ஆனால் குடிக்கிற கணக்கில் அதையும் சேர்ப்பார்களாம்.

நவம்பர் 12

அன்ரியிடம் வாய் அகன்ற பிளாஸ்க் வாங்கினேன். நாலு கோப்பை தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஒன்றரைக் கோப்பையை பிளாஸ்க்குக்குள் ஊற்றி மூடி வைத்தேன், உள்சுவர் சூடாகத்தான். சட்டியில் மிச்சம் இரண்டரைக் கோப்பை. அதில் அரை மணித்தியாலம் ஊறின வெள்ளைப் பச்சையரிசி ஒரு பிடி, இரண்டு பல் உள்ளி. ஏழெட்டு நிமிடம் கொதித்ததும் பிளாஸ்க் தண்ணீரைக் கோப்பையில் ஊற்றி (எனக்குத் தேத்தண்ணி) கஞ்சியைக் கொதிக்கக் கொதிக்கக் கழுத்துமட்டும் நிரப்பினேன். கழுத்துமட்டும் நிரம்பாவிட்டால் மேலே நிற்கிற காற்று சூட்டைத் தின்னும். தேங்காய்ப்பால் விடவில்லை, மூடிய சூட்டில் அது பழுதாகிவிடும்.

வார்டில் திறக்கும்போது ஒரு மணித்தியாலம் தாண்டியிருந்தது. அரிசி கரைந்து மணியே தெரியவில்லை, ஆவி வந்தது. அரைக் கோப்பை குடித்தா. நேர்ஸ் எழுதிக்கொண்டா. உப்புக் காணாதாம், குறை சொல்லத் தொடங்கிவிட்டா.

நவம்பர் 13

சிலிண்டரில் குளிர்க்கோடு இரண்டு விரல்.

நவம்பர் 14

இன்றைய பிளேட்லட் முடிவு பின்னேரம்தான் தருவார்களாம். காலையில் கஞ்சி கொதித்துக்கொண்டிருக்கும்போதே நெருப்பு சுருங்கிக்கொண்டு வந்தது, ஐந்து நிமிடத்துக்கு மேல் கொதித்திராது, அப்படியே பிளாஸ்க்கில் ஊற்றிவிட்டேன், போகிற வழியில் வெந்தால் வேகட்டும். சிலிண்டரை அன்ரி வீட்டுத் தம்பி செங்கலடிக்குக் கொண்டுபோகிறான். பஸ் வருகிறது